மக்கள்தொகை நிலைமாற்றமும் வயதுக் கட்டமைப்பும்: தமிழ்நாட்டை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

பிறப்பு வீதமும் இறப்பு வீதமும் உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்குவதை மக்கள்தொகை நிலைமாற்றம் என்பர். இம்மாற்றத்தின் முடிவில் முதியோர் பெருகுகின்றனர். மக்கள் நீண்ட காலம் வாழ்வதே இதற்குக் காரணம் என்பது பொதுவான எண்ணம். வயதுக் கட்டமைப்பைப் பெரிதும் தீர்மானிப்பது பிறப்பு வீதமே என்பதையும், இறப்பு வீதத்தின் வீழ்ச்சி தொடக்கத்தில் ஒரு சமூகத்தை இளமையாக்குகிறது என்பதையும் இக்கட்டுரை ஓர் எளிய எண்கணக்கின் வழி நிறுவுகிறது. அக்கணக்கின் முடிவுகள் தமிழ்நாட்டின் அறுபதாண்டுத் தரவுகளோடு ஒப்பிடப்படுகின்றன. தரவுகளைப் படிக்கும்போது நேரக்கூடிய பிழைகளும், பிறப்பு வீதத்தை மீண்டும் உயர்த்தினால் நிகழக்கூடியவையும் ஆராயப்படுகின்றன.

குறிச்சொற்கள்: மக்கள்தொகை நிலைமாற்றம், மொத்தக் கருவள வீதம், பதிலீட்டு நிலை, வயதுக் கட்டமைப்பு, சார்பு விகிதம், மக்கள்தொகை உந்தம், தமிழ்நாடு.

முன்னுரை

1951 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது இன்றைய தமிழ்நாட்டு எல்லைக்குள் ஏறத்தாழ 3.01 கோடி மக்கள் வாழ்ந்தனர். 2011 இல் இத்தொகை 7.21 கோடியாக இருந்தது. அறுபதாண்டுகளில் மக்கள்தொகை இரு மடங்கைத் தாண்டியது என்பது இதன் ஒரு பக்கம். அதே காலத்தில் அம்மக்களின் வயதுப் பகிர்வும் உருமாறியது என்பது மறுபக்கம். 1961 இல் தமிழ்நாட்டு மக்களுள் மூன்றில் ஒரு பங்கினர்க்கும் மேற்பட்டோர் பதினைந்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களாக இருந்தனர். அறுபது வயதைக் கடந்தோர் 6 விழுக்காட்டினும் குறைவு. 2011 இல் சிறுவர் பங்கு நான்கில் ஒன்றுக்கும் கீழே இறங்க, முதியோர் பங்கு 10.4 விழுக்காட்டை எட்டியது. மக்கள்தொகை தேசிய ஆணையத்தின் தொழில்நுட்பக் குழு வெளியிட்ட முன்கணிப்பின்படி 2031 இல் முதியோர் பங்கு 18.2 விழுக்காடாக இருக்கும்.

இவ்வுருமாற்றம் எவ்வழியில் நிகழ்ந்தது? மருத்துவ வளர்ச்சியால் ஆயுள் நீண்டது, ஆகவே முதியோர் பெருகினர் என்னும் விடை இயல்பாகத் தோன்றுவது. அது முழுமையான விடையன்று. நிலைமாற்றத்தின் முதற்கட்டத்தைப் பொறுத்தவரை அது உண்மைக்கு நேர்மாறானதும் ஆகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கோட்பாட்டின் பின்புலம்

அமெரிக்க அறிஞர் வாரன் தாம்சன் 1929 இல் உலக நாடுகளை அவற்றின் பிறப்பு, இறப்புப் போக்குகளின் அடிப்படையில் மூவகையாகப் பிரித்தார். 1934 இல் பிரெஞ்சு அறிஞர் அடோல்ப் லாந்திரி இதனையொத்த கருத்தை மக்கள்தொகைப் புரட்சி என்னும் பெயரில் எழுதினார். 1945 இல் பிராங்க் நோட்ஸ்டீன் தந்த வடிவமே இன்று பாடநூல்களில் பயில்வது. அதன்படி முதலில் பிறப்பும் இறப்பும் உயர்ந்திருக்கும். மக்கள்தொகை மெல்ல வளரும் அல்லது தேங்கி நிற்கும். அடுத்து இறப்பு குறையும். பிறப்போ பழைய நிலையிலேயே நீடிக்கும். ஆகவே மக்கள்தொகை விரைந்து பெருகும். பின்னர்ப் பிறப்பும் குறையத் தொடங்கும். இறுதியில் இரண்டும் தாழ்ந்த நிலையில் ஏறத்தாழச் சமமாகும்.

இவ்விளக்கம் பெரும்பாலும் மக்கள்தொகையின் அளவைப் பற்றியது. வயதுக் கட்டமைப்பு பற்றிய தெளிவைத் தந்தவர் ஆன்ஸ்லி கோல். 1950களில் அவர் செய்த கணக்கீடுகள், ஒரு சமூகம் இளமையானதா முதுமையானதா என்பதை முதன்மையாக நிர்ணயிப்பது கருவளமே என்று காட்டின. இறப்பு வீதத்தின் பங்கு அதனினும் சிறிது. பல வேளைகளில் எதிர்த்திசையிலும் செயல்படுவது. இம்முடிவு முதன்முறை கேட்போர்க்கு வியப்பளிக்கும். அதன் காரணத்தை அறியச் சாவு எவ்வயதினரிடமிருந்து விலகுகிறது என்பதைக் காணவேண்டும்.

2. இறப்புக் குறைவு சமூகத்தை இளமையாக்குவது எங்ஙனம்?

நிலைமாற்றத்திற்கு முந்தைய சமூகங்களில் சாவு வயதுதோறும் சமமாகப் பரவியிருக்கவில்லை. பிறந்த குழந்தைகளுள் பெரும்பங்கினர் முதற்சில ஆண்டுகளிலேயே மடிந்தனர். வயிற்றுப்போக்கு, மலேரியா, அம்மை, நிமோனியா போன்ற நோய்கள் சிறுவரையே மிகுதியாகத் தாக்கின. தூய குடிநீர், தடுப்பூசி, கொசு ஒழிப்பு, உணவுப் பகிர்வு ஆகியவை வந்தபோது முதலில் பயன்பெற்றவரும் சிறுவரே. மாதிரிப் பதிவு முறையின் கணக்கின்படி 1971 இல் தமிழ்நாட்டில் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 113 பேர் ஓராண்டு நிறையுமுன் இறந்தனர். 2019 இல் இவ்வெண் 15 ஆயிற்று.

காப்பாற்றப்பட்ட ஒரு குழந்தை கணக்கெடுப்பில் ஒரு சிறுவராகவே சேர்கிறது. ஆகவே இறப்புக் குறைவின் உடனடி விளைவு, பிறப்பு வீதம் உயர்ந்ததன் விளைவை ஒத்தது. அக்குழந்தை முதியவராவதற்கு அறுபதாண்டுகள் ஆகும். இடையில் அது பெற்றோராகித் தானும் சிறுவர் கூட்டத்தைப் பெருக்கும். முதியோர் எண்ணிக்கை உயர்ந்தாலும் சிறுவர் எண்ணிக்கை அதனினும் விரைந்து உயர்வதால் முதியோர் பங்கு குறைகிறது.

3. ஓர் எளிய கணக்கு

இதனை எண்களால் சோதிப்போம். கீழே வருவது உண்மையான ஊர் ஒன்றின் தரவன்று. விளக்கத்திற்காக அமைத்த கற்பனைச் சமூகம். வெளியிலிருந்து எவரும் வருவதில்லை. எவரும் வெளியேறுவதும் இல்லை. மக்களை நான்கு வயதுப் பிரிவுகளாகக் கொண்டு, இருபதாண்டுக்கு ஒருமுறை எண்ணுகிறோம். எண்பதுக்கு மேற்பட்டோரை எளிமை கருதி விட்டுவிடுகிறோம். 20–39 வயதினரே பெற்றோர் எனவும், 0–19 வயதினர் அவர்தம் பிள்ளைகள் எனவும் கொள்கிறோம்.

தொடக்கத்தில் ஒரு பெண் ஆறு பிள்ளைகளைப் பெறுகிறாள். ஆண்களையும் சேர்த்து எண்ணினால் ஒருவருக்கு மூன்று பிறப்புகள். அவற்றுள் கணக்கெடுப்பின்போது உயிருடன் எண்ணப்படுவோர் ஒருவருக்கு 1.67 மட்டுமே. அச்சிறுவருள் ஐந்தில் மூவர் அடுத்த பிரிவை அடைகின்றனர். அங்கிருந்து மூன்றில் இருவர் நாற்பதைக் கடக்கின்றனர். பின் பாதிப்பேர் அறுபதைக் கடக்கின்றனர். இந்நிலையில் மக்கள்தொகை மாறாது நிற்கிறது.

பின்னர் இறப்பு திடீரெனக் குறைகிறது. முதலிரு பிரிவுகளிலும் பத்தில் ஒன்பது பேர் அடுத்த பிரிவுக்குச் செல்கின்றனர். 40–59 வயதினருள் நான்கில் மூவர் அறுபதைக் கடக்கின்றனர். பிறப்புகள் மாறவில்லை, ஆயினும் எண்ணப்படும் பிள்ளைகள் ஒருவருக்கு 2.5 ஆகின்றனர். இது 20 ஆம் ஆண்டின் நிலை. 40 ஆம் ஆண்டு முதல் பிள்ளைகள் ஒருவருக்கு 1.1 ஆக, அதாவது ஒரு பெண்ணுக்கு 2.2 ஆகக் குறைகின்றனர். பத்தில் ஒன்பது பேர் பிழைப்பதால் 1.1 பிள்ளைகள் ஏறத்தாழ ஒருவரை ஈடுசெய்கின்றனர். இதுவே பதிலீட்டு நிலை. இறப்பு நிலை 20 ஆம் ஆண்டிற்குப் பின் மாறுவதேயில்லை.

| ஆண்டு | 0–19 | 20–39 | 40–59 | 60–79 | மொத்தம் | முதியோர் பங்கு (%) |
|---|---|---|---|---|---|---|
| 0 | 1000 | 600 | 400 | 200 | 2200 | 9.1 |
| 20 | 2250 | 900 | 540 | 300 | 3990 | 7.5 |
| 40 | 2228 | 2025 | 810 | 405 | 5468 | 7.4 |
| 60 | 2206 | 2005 | 1823 | 608 | 6642 | 9.2 |
| 80 | 2184 | 1985 | 1805 | 1367 | 7341 | 18.6 |

4. கணக்கு உணர்த்துவன

முதல் இரு வரிகளை ஒப்பிடுக. இறப்பு குறைந்தபின் முதியோர் 200 இலிருந்து 300 ஆகப் பெருகினர். எனினும் அவர்தம் பங்கு 9.1 இலிருந்து 7.5 விழுக்காட்டிற்கு இறங்கியது. சிறுவர் பங்கோ 45 இலிருந்து 56 விழுக்காட்டிற்கு ஏறியது. ஆயுள் நீண்டது, சமூகம் இளமையாயிற்று.

இரண்டாவதாக, கடைசி இரு வரிகளைக் காண்க. இடைப்பட்ட இருபதாண்டுகளில் இறப்பு நிலை சிறிதும் மாறவில்லை. பிறப்பு நிலையும் மாறவில்லை. ஆயினும் முதியோர் பங்கு 9.2 இலிருந்து 18.6 ஆக இரு மடங்காயிற்று. 20 ஆம் ஆண்டில் 2250 பேராக இருந்த சிறுவர் கூட்டத்தைப் பின்தொடர்ந்தால் காரணம் புலப்படும். அக்கூட்டம் 2025 பேராக 20–39 பிரிவிலும், 1823 பேராக அடுத்த பிரிவிலும், 1367 பேராக இறுதிப் பிரிவிலும் தோன்றுகிறது. இறப்பு குறைந்து பிறப்பு குறையாதிருந்த ஒரே ஒரு தலைமுறைக் காலத்தில் உருவான அப்பெருந்திரள், அறுபதாண்டுகளாக வயதுப் பிரிவுகளினூடே நகர்ந்து செல்கிறது. அதனைத் தொடர்ந்து வந்த தலைமுறைகள் அதனினும் பெரிதாக இல்லாமையால் அதன் முதுமை மறைக்கப்படாமல் வெளிப்படுகிறது.

மூன்றாவது உண்மை மக்கள்தொகை உந்தம் எனப்படுவது. நேதன் கீபிட்ஸ் 1971 இல் இதற்குக் கணித வடிவம் தந்தார். நம் சமூகம் 40 ஆம் ஆண்டிலேயே பதிலீட்டு நிலையை அடைந்தது. எனினும் 5468 ஆக இருந்த மக்கள்தொகை 80 ஆம் ஆண்டில் 7341 ஆயிற்று. இது 34 விழுக்காடு வளர்ச்சி. குடும்பங்கள் சிறுத்தபின்னும் பெற்றோராகும் வயதினர் எண்ணிக்கை பெரிதாக இருந்ததே இதற்குக் காரணம். அட்டவணையில் சிறுவர் எண்ணிக்கை வளரவேயில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மேற்பிரிவுகள் நிரம்புவதாலேயே மொத்தம் உயர்கிறது.

நான்காவதாக, உழைக்கும் வயதினர் நூற்றுவரைச் சார்ந்திருக்கும் சிறுவர், முதியோர் தொகையைக் கணக்கிடலாம். 20–59 வயதினரை உழைப்போர் எனக் கொண்டால், சார்பு விகிதம் தொடக்கத்தில் 120, 20 ஆம் ஆண்டில் 177, பின்னர் 93, 60 ஆம் ஆண்டில் 74, 80 ஆம் ஆண்டில் மீண்டும் 94. பொருளியலார் மக்கள்தொகை ஆதாயம் என்று குறிப்பது இத்தாழ்ந்த இடைவெளியையே. இவ்விடைவெளி நிலையானதன்று, பெருந்திரள் உழைக்கும் வயதில் இருக்கும் வரையே அது நீடிக்கும். அக்காலத்தில் வேலைவாய்ப்பும் சேமிப்பும் உருவாகாவிடில் ஆதாயம் கணக்கிலேயே தங்கிவிடும்.

5. பிறப்பு மேலும் குறைந்தால்

பல சமூகங்கள் பதிலீட்டு நிலையில் நிற்பதில்லை. அதற்கும் கீழே இறங்குகின்றன. நம் கணக்கில் 60 ஆம் ஆண்டு முதல் பிள்ளைகள் ஒருவருக்கு 0.8 ஆக, அதாவது ஒரு பெண்ணுக்கு 1.6 ஆகக் குறைவதாகக் கொள்வோம். அவ்வாண்டில் சிறுவர் 1604 பேராவர். முதியோர் பங்கு 10.1 விழுக்காடு, சார்பு விகிதம் 58. பொருளியல் நோக்கில் மிக வாய்ப்பான காலம் இது. 80 ஆம் ஆண்டில் சிறுவர் 1155, இளைஞர் 1444, நடுவயதினர் 1805, முதியோர் 1367 ஆவர். மொத்தம் 5771 ஆகச் சுருங்க, முதியோர் பங்கு 23.7 விழுக்காடாகிறது.

முன்னைய கணக்கில் 80 ஆம் ஆண்டு முதியோர் எத்தனை பேர்? அதே 1367. முதியவர் ஒருவர்கூடக் கூடவில்லை. எவருடைய ஆயுளும் ஒரு நாள்கூட நீளவில்லை. ஆயினும் முதியோர் பங்கு 18.6 இலிருந்து 23.7 ஆக உயர்ந்தது. வேறுபாடு முழுவதும் பிறவாத பிள்ளைகளால் விளைந்தது. கோல் கூறியதன் உட்பொருள் இதுவே.

இதற்கு ஒரு வரம்பு உண்டு. சிறுவர் இறப்பு ஏறத்தாழ மறைந்துவிட்ட சமூகங்களில், இனி நிகழக்கூடிய இறப்புக் குறைவு முதிய வயதினரிடமே நிகழும். இதய நோய், புற்றுநோய் மருத்துவத்தால் எழுபது வயதினர் எண்பதை அடையும்போது, இறப்புக் குறைவும் முதுமையைக் கூட்டும் காரணமாகிறது. ஜப்பானில் இவ்விரு விசைகளும் ஒரே திசையில் செயல்படுகின்றன. அங்கு 65 வயதைக் கடந்தோர் பங்கு 7 இலிருந்து 14 விழுக்காடாக உயர 1970 முதல் 1994 வரையான 24 ஆண்டுகளே ஆயின. பிரான்சில் அதே மாற்றத்திற்கு ஒரு நூற்றாண்டிற்கும் மேலாயிற்று. பிரான்சில் பிறப்பு வீதம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்தே மெல்லக் குறைந்து வந்தது. பிறப்பு எவ்வளவு விரைந்து குறைகிறதோ அவ்வளவு விரைந்து முதுமை வருகிறது.

6. தமிழ்நாட்டின் பாதை

தமிழ்நாட்டில் பிறப்பு வீதத்தின் வீழ்ச்சி விரைவான வகையைச் சார்ந்தது. மாதிரிப் பதிவு முறை தொடங்கிய காலத்தை ஒட்டிய 1970களின் தொடக்கத்தில் மொத்தக் கருவள வீதம் நான்கை ஒட்டியிருந்தது. தேசியக் குடும்பநல ஆய்வுகளின்படி 1992–93 இல் 2.5, 1998–99 இல் 2.2, 2005–06 இல் 1.8 என அது இறங்கியது. 2018 ஆம் ஆண்டு மாதிரிப் பதிவு முறை அறிக்கை 1.6 எனக் கூறுகிறது. நான்கிலிருந்து பதிலீட்டு நிலைக்கு வர ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலமே ஆயிற்று.

இவ்வீழ்ச்சியைச் செல்வ வளர்ச்சி ஒன்றினால் விளக்க இயலாது. பிறப்பு குறையத் தொடங்கியபோது தமிழ்நாடு பெருஞ்செல்வ மாநிலமாக இல்லை. குழந்தை இறப்பு குறைந்தமை, பெண்களின் திருமண வயது உயர்ந்தமை, பள்ளிக் கல்வி பரவியமை, ஊர்தோறும் எட்டிய நலவாழ்வு நிலையங்கள் ஆகியவை ஒன்றையொன்று வலுப்படுத்தின. பெரியார் 1930களிலேயே கருத்தடையைப் பெண் விடுதலையின் பகுதியாக முன்வைத்திருந்தார். 1950களின் இறுதியில் கருத்தடை அறுவை செய்துகொள்வோர்க்கு ஊக்கத்தொகை வழங்கும் திட்டத்தைச் சென்னை மாநில அரசு மேற்கொண்டது. 1951 ஆம் ஆண்டு இந்தியக் கணக்கெடுப்பை நடத்திய ஆர். ஏ. கோபாலசாமி பின்னர் மாநிலத்தின் தலைமைச் செயலாளராக இருந்து அத்திட்டத்தை ஊக்குவித்தார். இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு எனப் பிரித்தறிவது கடினம். எனினும் பிழைக்கும் பிள்ளைகள் பெருகியதை உணர்ந்த குடும்பங்களே சிறுகுடும்பத்தை ஏற்றன என்பது பொதுப்போக்கு.

நம் கணக்கின் உந்தம் இங்கும் தென்படுகிறது. 1990களில் பதிலீட்டு நிலையை நெருங்கிய பின்னும் மாநில மக்கள்தொகை 1991 இல் 5.59 கோடியிலிருந்து 2011 இல் 7.21 கோடியாக உயர்ந்தது. 1960, 1970களில் பிறந்த பெருந்திரள் அப்போது பெற்றோர் வயதில் இருந்தது. அத்திரளே 2020களிலும் 2030களிலும் அறுபதைக் கடக்கிறது. 1961 முதல் 2011 வரையான ஐம்பதாண்டுகளில் முதியோர் பங்கு ஐந்து புள்ளிகளுக்குச் சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ உயர்ந்திருக்க, 2011 முதல் 2031 வரையான இருபதாண்டுகளில் எட்டுப் புள்ளிகள் உயரும் என முன்கணிக்கப்படுவதன் காரணம் இதுவே. நம் அட்டவணையின் 60 ஆம் ஆண்டிற்கும் 80 ஆம் ஆண்டிற்கும் இடைப்பட்ட காலத்தைத் தமிழ்நாடு இப்போது கடந்துகொண்டிருக்கிறது.

7. தரவுகள் தவறாகப் படிக்கப்படும் இடங்கள்

வயதுக் கட்டமைப்பைக் கருதாமல் பொது வீதங்களை ஒப்பிடுவது அடிக்கடி நேரும் பிழை. 2018 இல் கேரளத்தின் இறப்பு வீதம் ஆயிரத்துக்கு 6.9, பீகாரின் வீதம் 5.8. இவ்வெண்களை மட்டும் நோக்கினால் பீகாரே நலமிக்க மாநிலம் எனத் தோன்றும். அதே ஆண்டில் ஆயிரம் பிறப்புகளுக்குக் குழந்தை இறப்பு கேரளத்தில் 7, பீகாரில் 32. சாவின் வாய்ப்பு பொதுவாகக் கேரளத்தில் குறைவாக இருந்தும், அங்கு முதியோர் மிகுதி என்பதால் மொத்த இறப்பு வீதம் உயர்ந்து நிற்கிறது. ஒரு மாநிலத்தின் இறப்பு வீதம் சரிந்து வந்து பின் ஏறத் தொடங்கினால், நலவாழ்வு சீர்கெட்டது என்று முடிவு செய்யுமுன் வயதுவாரி இறப்பு வீதங்களையோ பிறப்பின்போதான ஆயுள் எதிர்பார்ப்பையோ காணவேண்டும். அவை மேம்பட்டிருப்பின் ஏற்றம் முதுமையின் விளைவே.

இடப்பெயர்வை மறப்பது இரண்டாவது பிழை. தமிழ்நாட்டின் பத்தாண்டு வளர்ச்சி 1991–2001 இல் 11.7 விழுக்காடாக இருந்து 2001–2011 இல் 15.6 விழுக்காடாக உயர்ந்தது. கருவளம் தொடர்ந்து குறைந்த காலத்தில் வளர்ச்சி கூடியது எங்ஙனம்? அப்பத்தாண்டில் பிறப்பு வீதம் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 17. இறப்பு வீதம் ஏறத்தாழ 7.5. இவற்றின் வேறுபாடு பத்தாண்டுகளில் 10 விழுக்காட்டளவு வளர்ச்சியையே தரும். எஞ்சிய ஐந்தரை விழுக்காடு, அதாவது முப்பத்தைந்து இலட்சத்தை ஒட்டிய மக்கள், இயற்கைப் பெருக்கத்தால் வந்தவராக இருக்க முடியாது. பிற மாநிலத் தொழிலாளர் வருகை, இரு கணக்கெடுப்புகளின் முழுமையில் உள்ள வேறுபாடு ஆகிய இரண்டையும் இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும். கணக்கெடுப்பு வளர்ச்சியையும் பிறப்பு இறப்பு வேறுபாட்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இதனைக் கண்டறியும் வழி.

மூன்றாவது பிழை வயதுக் கூற்றில் உள்ளது. பிறந்த நாளை உறுதியாக அறியாதோர் தம் வயதைச் சுழியத்திலோ ஐந்திலோ முடியும் எண்ணாகச் சொல்வது வழக்கம். ஆகவே கணக்கெடுப்பில் 59, 61 ஆகிய வயதுகளைவிட 60 வயதில் மிகப் பலர் குவிகின்றனர். அறுபதையே முதுமையின் எல்லையாகக் கொள்ளும்போது இக்குவியல் முழுவதும் முதியோர் பக்கம் சேர்ந்துவிடும். ஒற்றை வயது அட்டவணையில் இம்மூன்று எண்களையும் ஒப்பிட்டால் பிழையின் அளவு தெரியும். எழுத்தறிவும் பிறப்புப் பதிவும் பரவுந்தோறும் இக்குவியல் குறையும் என்பதால், பழைய கணக்கெடுப்பின் முதியோர் பங்கைப் புதியதோடு ஒப்பிடுவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும்.

8. பிறப்பு வீதத்தை மீண்டும் உயர்த்தினால்?

முதியோர் பங்கு உயரும் சமூகங்களில் கூடுதலாகப் பிள்ளை பெறவேண்டும் என்னும் குரல் எழுவது இயல்பு. இதனையும் நம் கணக்கில் சோதிக்கலாம். பிள்ளைகள் 0.8 ஆகக் குறைந்திருந்த சமூகத்தில், 80 ஆம் ஆண்டிற்குரிய தலைமுறை மட்டும் மீண்டும் 1.1 பிள்ளைகளைப் பெறுவதாகக் கொள்வோம். சிறுவர் 1155 க்கு மாறாக 1588 ஆவர். முதியோர் பங்கு 23.7 இலிருந்து 22.0 ஆகக் குறையும். இரண்டு புள்ளிகூட இல்லை. உழைக்கும் வயதினர் எண்ணிக்கையில் ஒருவரும் கூடார். அவர்களைப் பெறவேண்டிய காலம் இருபதாண்டுகளுக்கு முன்பே கடந்துவிட்டது. சார்பு விகிதமோ 78 இலிருந்து 91 ஆக உயரும். முதியோரைப் பேணும் தலைமுறையே கூடுதல் சிறுவரையும் பேணவேண்டி வரும்.

பிறப்பு உயர்வினால் பயனில்லை என்பது இதன் பொருளன்று. அதன் பயன் இருபது முதல் நாற்பதாண்டுகளுக்குப் பின் வரும். அதன் செலவு உடனே வரும். அடுத்த முப்பதாண்டுகளில் அறுபதைக் கடக்கப் போகிறவர்கள் அனைவரும் இன்று முப்பது வயதை எட்டியவர்களாகவோ கடந்தவர்களாகவோ நம்மிடையே வாழ்கின்றனர். அவர்தம் எண்ணிக்கையைப் பிறப்பு பற்றிய எந்தக் கொள்கையும் மாற்றாது. ஓய்வூதியம் இல்லாத கூலித்தொழிலாளரும், கணவரை இழந்து தனித்து வாழும் முதிய பெண்களும் அவருள் பலராக இருப்பர் என்பதால், அவர்களுக்குரிய மருத்துவமும் வருவாய்ப் பாதுகாப்புமே காலத்தோடு செய்யவேண்டிய பணிகள்.

நிலைமாற்றம் மாநிலங்களிடையே ஒரே காலத்தில் நிகழாமையால் மற்றொரு சிக்கலும் எழுகிறது. 1976 ஆம் ஆண்டின் 42 ஆம் அரசமைப்புத் திருத்தம் மக்களவை இடங்களின் மாநிலப் பகிர்வை 1971 மக்கள்தொகை அடிப்படையில் நிறுத்தி வைத்தது. 84 ஆம் திருத்தம் அந்நிறுத்தத்தை 2026 க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. பதினைந்தாவது நிதி ஆணையம் 2011 மக்கள்தொகையை அடிப்படையாகக் கொண்டபோது, மக்கள்தொகைச் செயல்பாட்டிற்கு 12.5 விழுக்காடு நிறை அளித்தது. பிறப்பை முன்னரே குறைத்த மாநிலமும் பின்னர்க் குறைக்கும் மாநிலமும் ஒரே கூட்டாட்சியில் இருக்கும்போது, வயதுக் கட்டமைப்பு அரசியல் பங்கீட்டையும் தொடும் என்பதற்கு இவை சான்று.

முடிவுரை

இறப்பு வீதத்தின் வீழ்ச்சி தொடக்கத்தில் சிறுவரைப் பெருக்கிச் சமூகத்தை இளமையாக்குகிறது. பிறப்பு வீதத்தின் வீழ்ச்சி அச்சிறுவர் கூட்டத்தின் பின் சிறிய தலைமுறைகளை நிறுத்துகிறது. அக்கூட்டம் உழைக்கும் வயதில் இருக்கும்போது சார்பு விகிதம் தாழ்கிறது. அது முதுமையை அடையும்போது, பிறப்பிலும் இறப்பிலும் எம்மாற்றமும் இல்லாதபோதும், முதியோர் பங்கு விரைந்து உயர்கிறது. தமிழ்நாட்டில் இன்று காணும் முதுமை, 1970 முதல் 2000 வரை குடும்பங்கள் மேற்கொண்ட முடிவுகளின் விளைவு. இன்றைய பிறப்பு வீதத்தின் விளைவை முழுமையாகக் காண இருபத்தோராம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டும். ஆகவே ஓராண்டின் பிறப்பு, இறப்பு எண்களைக் கொண்டு அவ்வாண்டின் சமூகத்தை விளக்க முயல்வது பொருந்தாது. அவ்வெண்களை அறுபதாண்டு முன்னும் பின்னும் வைத்துப் படிப்பதே மக்கள்தொகை ஆய்வுக்குரிய முறையாகும்.